ஒரே சாயங்காலத்துக்கு இரண்டு கல்யாண வீடு: மண்டபத் தேதி மோதியபோது நாங்கள் செய்தது

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மாமனார்தான் பல வருடமாகப் பார்த்து வந்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் அலைய முடியவில்லை என்று பங்குனியில் பொறுப்பு என்னிடம் வந்தது. கணவர் வெளியூரில் வேலை. வந்த கொஞ்ச நாளிலேயே ஒரே சாயங்காலத்துக்கு இரண்டு குடும்பங்களிடம் முன்பணம் வாங்கியிருப்பது தெரிந்தது. அந்த நேரத்தில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எவ்வளவு பணம் போகும் என்று சொல்லித்தர ஆளே இல்லை. மண்டபம் வைத்திருக்கிற பலருக்கும் இது நடந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் வெளியே பேசுவதில்லை. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

முதலில் மோதல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாட்காட்டியில் பார்த்தால் மோதலே தெரியாது. ஒரு வீட்டாருக்கு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாலி கட்டுவது காலையில் சுவாமிமலைக் கோயிலில், சாயங்காலம் எங்கள் மண்டபத்தில் ரிசப்ஷன் மட்டும். தை மாதமே கணக்குப்பிள்ளையிடம் முன்பணம் கட்டிவிட்டார்கள். பேரேட்டில் ஞாயிறு பக்கத்தில் பதிவாகியிருந்தது. இன்னொரு வீட்டாருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை முகூர்த்தம். மாசியில் மாமனாரிடம் போனில் பேசி முன்பணம் அனுப்பியிருக்கிறார்கள். அது திங்கள் பக்கத்தில் பதிவாகியிருந்தது. இரண்டும் வேறு வேறு தேதி. ஆனால் எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு மண்டபம் எடுத்தால் முதல் நாள் மதியம் மூன்று மணிக்கே சாவி கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், இரவுச் சாப்பாடு எல்லாம் முதல் நாள் சாயங்காலம்தான். ஆக, திங்கள் என்று எழுதிய கல்யாணம் உண்மையில் ஞாயிறு மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. ரிசப்ஷனும் அதே ஞாயிறு சாயங்காலம். போனில் இருந்த கூகுள் காலெண்டரிலும் இரண்டையும் "All day" என்று போட்டு, ஞாயிறுக்கு ஒரு பட்டை, திங்களுக்கு ஒரு பட்டை என்று அழகாகத் தனித்தனியாக நின்றன.

எனக்கு அது தெரிய வந்தது மேடை அலங்காரம் செய்கிற தம்பியால். சித்திரை நடுவில் போன் செய்து, "அக்கா, திங்கக்கிழமை முகூர்த்தத்துக்கு மணவறை ஜோடிக்க ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கே சாமான் இறக்கலாமா?" என்று கேட்டார். முந்தின வாரம்தான் வேறொரு அலங்காரக்காரர், ரிசப்ஷன் மேடைக்கு அதே ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். பேரேட்டை எடுத்து இரண்டு பக்கங்களையும் விரலை வைத்துப் படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. அன்று இரவு தூங்கவில்லை. இரண்டு வீட்டிலும் எத்தனை பேர் கனவோடு இருப்பார்கள், நான் ஒரு வீட்டில் போய் அதை உடைக்க வேண்டுமே என்றுதான் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த மாதிரி மோதலை உடமஸ்தர்களைவிட முன்னாலே கண்டுபிடிப்பவர்கள் அலங்காரக்காரர், சமையல் மாஸ்டர், ஜெனரேட்டர்காரர், பந்தல்காரர் இவர்கள்தான். எந்தத் தேதிக்கு வருகிறார்கள் என்று கேட்காமல் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறார்கள் என்று கேட்டால் உடனே வெளிச்சமாகிவிடும். ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. இரண்டு கல்யாணத்துக்கும் வேலை செய்பவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். ஒருவர் டீக்கடையில் வாயைத் திறந்தால் நாம் சொல்வதற்கு முன்னால் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப் போனால் நாம் மறைத்தோம் என்றுதான் ஆகும். அதனால் அந்தத் தம்பியிடம், "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதப்பா" என்று கேட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த அவகாசம் அந்த ஒரு நாள்தான்.

யாருக்கும் போன் செய்வதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை ரசீதுகளைத் தேடி எடுத்தது. யார் எந்தத் தேதியில் கட்டினார்கள், எவ்வளவு, ரசீதில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். ரிசப்ஷன் வீட்டார் முந்தியவர்கள். முகூர்த்த வீட்டார் பிந்தியவர்கள். அப்படியானால் உரிமை முந்தியவருக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடைமுறை நேர் எதிராக இருந்தது. முகூர்த்தம் ஜாதகம் பார்த்துக் குறித்த நேரம், நகர்த்த முடியாது. அவர்களுக்கு முழுசாக ஒரு நாள் மண்டபம் வேண்டும். ஞாயிறு, திங்கள் இரண்டும் முகூர்த்த நாள் என்பதால் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு மண்டபமும் காலி இல்லை. வைகாசி வளர்பிறை முகூர்த்தம் என்றால் தெரியும்தானே, பஞ்சாங்கம் வந்தவுடனே போய்விடும். ரிசப்ஷன் வீட்டாருக்கோ ஐந்தாறு மணி நேரம் இடம் கிடைத்தால் போதும். உரிமை உள்ளவரிடம்தான் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை.

நடுவில் ஒரு ஆசையும் வந்தது. இரண்டையும் அதே மண்டபத்தில் முன்பின்னாக நடத்திவிட்டால் என்ன? ரிசப்ஷனை இரவு ஒன்பதரைக்கு முடித்து, பத்து மணிக்கு மற்றவர்களை உள்ளே விடலாமே? யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், கொஞ்சம் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றியது. வழக்கமாக எங்களிடம் சமைக்கிற மாஸ்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்னார். காலை ஏழு மணிக்கு டிபன் என்றால் விடியற்காலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அதற்கு முதல் நாள் சாயங்காலமே காய்கறி வந்து, நறுக்கி, மாவு வந்து, பாத்திரம் இறங்கியிருக்க வேண்டும். அதே நேரத்தில் ரிசப்ஷன் சமையல்காரர் அதே அடுப்பில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பார். ரிசப்ஷன் மேடையைக் கழற்றிவிட்டு மணவறை போட நான்கைந்து மணி நேரம் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வெளியூரிலிருந்து மூன்று மணிக்கே வந்து அறையில் தங்குவார்கள். "ரெண்டு பேருமே கெட்ட பேரோட போவாங்கம்மா" என்றார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், முன்பின்னாக நெருக்கி நடத்துகிற யோசனை வந்தால் முதலில் சமையல் மாஸ்டரிடம் கேளுங்கள். ஹாலில் இடம் இருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை, அடுப்படியில் இடம் இருக்காது.

அடுத்து மாற்று இடம். மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மண்டபம். அங்கே ஞாயிறு காலை ஒரு முகூர்த்தம். அவர்கள் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள், அதன் பிறகு அந்தச் சாயங்காலம் மட்டும் காலி. உரிமையாளர் தெரிந்தவர். விஷயத்தைச் சொல்லி, ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, மறுநாள் இரவு வரை அந்தச் சாயங்காலத்தைப் பிடித்து வைக்கச் சொன்னேன். வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். வெறுங்கையோடு போய்ச் செய்தி சொல்வது வேறு, ஒரு வழியையும் கையில் வைத்துக்கொண்டு சொல்வது வேறு. ஆனால் வழி கிடைக்கும் வரை சொல்லாமல் தள்ளிப்போடுவதும் தவறு. ஒரு நாள்தான் என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். அந்த மண்டபம் கிடைக்காவிட்டாலும் மறுநாள் சாயங்காலம் போய்ச் சொல்லியிருப்பேன்.

இடத்தை நேரில் போய்ப் பார்த்துக் குறைகளையும் எழுதிக்கொண்டேன். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு இருநூற்றைம்பது பேர் உட்காரலாம். அங்கே நூற்றைம்பது. கார் நிறுத்த இடம் குறைவு. வாசலில் ஏழு படி, சாய்வுத் தளம் கிடையாது. வாடகை சாயங்காலத்துக்கு 55,000. எங்களிடம் அவர்கள் பேசியிருந்தது 45,000. நல்லதை மட்டும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தால், அவர்கள் போய்ப் பார்க்கும்போது நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

மாமனார் வேறு மாதிரி நினைத்தார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், ரசீதின் பின்னால் அச்சடித்த நிபந்தனையில் அப்படித்தானே இருக்கிறது என்றார். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பிக்கிற வரி அது. ஊரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். வெள்ளம், ஊரடங்கு மாதிரி நம் கையில் இல்லாத காரணத்துக்குத்தான் அந்த வரியைக் காட்டலாம், நாமே இரண்டு பேருக்கு எழுதியதை அதில் கொண்டுவர முடியாது என்றார். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக வருகிற நஷ்டத்தை மீறியவர்தான் ஈடுகட்ட வேண்டும். மண்டப வாடகை ஒரு சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் அவர்கள் போகலாம். சட்டத்துக்குப் பயந்து நான் எதையும் செய்யவில்லை. ஆனால் மாமனாரைச் சம்மதிக்க வைக்க இந்த விவரம் உதவியது, அதை ஒளிக்கத் தேவையில்லை.

அப்புறம் யாரிடம் முதலில் போவது என்ற கேள்வி. யாரிடம் விட்டுக்கொடுக்கக் கேட்கப் போகிறோமோ அவர்களிடம்தான் முதலில், நேரில். அவர்கள் பதில் தெரியாமல் மற்றவரிடம் "உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் மற்றவருக்கும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். யார் அமைதியானவர்களோ, யார் சண்டை போடமாட்டார்களோ அவர்களை நகர்த்துவது என்று இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ரிசப்ஷன் வீட்டார் அமைதியானவர்கள்தான். ஆனால் அவர்களிடம் போனதற்குக் காரணம் அவர்களுக்கு மாற்று இடம் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. இதை அவர்களிடமே வெளிப்படையாகச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் போனபோது திண்ணையில் பாய் விரித்து, பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் மண்டபத்தின் பெயர் அச்சடித்து அடுக்கியிருந்தது. காபி கொண்டுவரப் போனவரை, "அம்மா, காபி அப்புறம் குடிக்கிறேன், ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்று உட்கார வைத்தேன். காபி குடித்து நலம் விசாரித்துவிட்டு இதைச் சொன்னால் ஏமாற்றியது போல ஆகிவிடும். முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்: "ஐயா, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு உங்ககிட்டயும் முன்பணம் வாங்கியிருக்கோம், இன்னொரு வீட்டுலயும் வாங்கியிருக்கோம். தப்பு எங்க பக்கம். நீங்கதான் முதல்ல கட்டினவங்க, அதனால உரிமை உங்களுக்குத்தான். நீங்க முடியாதுன்னா மண்டபம் உங்களுக்கே. அவங்களுக்கு நாங்க பதில் சொல்லிக்கிறோம். ஆனா உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு வந்திருக்கேன்."

அம்மா அழுதுவிட்டார். "பத்திரிகை அடிச்சாச்சே, சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்றது" என்றார். மாப்பிள்ளைக்குக் கோபம். "யாரு அந்த இன்னொரு வீடு?" என்று கேட்டார். பெயரோ போன் நம்பரோ சொல்ல முடியாது, அவர்களுக்கு மறுநாள் காலை முகூர்த்தம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு வீட்டாரையும் ஒருவரோடு ஒருவர் பேச விடக் கூடாது. பேசினால் தப்பு செய்த நாம் வெளியே நிற்போம், அவர்கள் இருவரும் மோதிக்கொள்வார்கள். "கணக்குப்பிள்ளை எழுதல", "கம்ப்யூட்டர்ல காட்டல" என்றும் சொல்லவில்லை. எங்களுக்குள் யார் எழுதினார்கள் என்பது அவர்களுக்கு எதற்கு? அதேபோல "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்ற வார்த்தையை வாயில் வரவே விடக் கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு மாற்று மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன், குறைகளோடு. வாடகையில் கூடுகிற 10,000 எங்களுடையது. பத்திரிகை மறுபடி அடிக்கிற செலவு எங்களுடையது. வந்தவர்களை அங்கே கொண்டுபோக வண்டி எங்களுடையது. இதெல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். கேட்டு வாங்கினால் அவர்கள் பேரம் பேசினது போல ஆகிவிடும். உடனே பதில் சொல்ல வேண்டாம், நாளை ராத்திரி வரை அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன், காலையில் போய்ப் பாருங்கள் என்றேன். பெரியவர் கடைசியில் ஒன்று கேட்டார்: "நாங்க முடியாதுன்னு சொன்னா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் எங்க நடக்கும்?" தெரியாது, தேட வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அதைச் சொல்லி அவர் மனதைக் கரைக்க நான் போகவில்லை. அவராகக் கேட்டதால் சொன்னேன்.

அங்கிருந்து நேராக முகூர்த்த வீட்டாரிடம். அவர்களுக்குக் கடைசியில் மண்டபம் கிடைத்தாலும் கிடைக்கும், எதற்காகச் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டும் என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முந்தியவர் மறுத்துவிட்டால் இவர்களுக்கு இருக்கிற ஒவ்வொரு நாளும் முக்கியம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, பிழை பார்க்கும் கட்டத்தில் இருந்தது. அன்று சொல்லாமல் விட்டு மறுநாள் அவர்கள் அடித்துவிட்டால் அந்த நஷ்டமும் நம் தலையில்தான். பெண்ணின் தாய்மாமன்தான் பேசினார். குரலை உயர்த்தினார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். "போகலாம் சார், அந்த உரிமை உங்களுக்கு இருக்கு. பத்திரிகையை மட்டும் நாளைக்கு ராத்திரி வரைக்கும் நிறுத்தி வைங்க, அதுக்குள்ள உறுதியான பதில் சொல்றேன். மண்டபம் இல்லன்னா முன்பணத்தோட வேற இடத்துக்கு ஆகுற கூடுதல் செலவும் தர்றோம்" என்றேன். மற்றவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இன்னொருவர் தராத சம்மதத்தை நாம் கொடுக்கக் கூடாது. கோபத்துக்கு நடுவில் அந்த வீட்டுப் பாட்டி, "நேர்ல வந்து சொல்லுதே இந்தப் பொண்ணு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் காலை ரிசப்ஷன் வீட்டார் மாற்று மண்டபத்தைப் பார்க்க வந்தார்கள். நானும் போனேன். பெரியவர் மேடையைப் பார்க்கவில்லை, ஏசியைப் பார்க்கவில்லை. வாசலில் அந்த ஏழு படிகளிடமே நின்றார். அவருடைய அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலி. "எங்கம்மாவ நாலு பேர் தூக்கிட்டுப் போறது எனக்குப் பிடிக்காது" என்றார். எங்கள் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கே சாய்வுத் தளம் இருப்பதால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை நான் முதல் நாளே கேட்டிருக்கலாம். இந்த மண்டபத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் மாற்று இடத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பக்கவாட்டு வாசலில் மூன்றே படி இருந்தது. அங்கே தச்சரை வைத்து, தடித்த பிளைவுட்டில் நீளமாக, கைப்பிடியோடு ஒரு சாய்வுப் பலகை செய்து தருகிறேன், முதல் நாளே வெறும் நாற்காலியைத் தள்ளிப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் வீட்டம்மாவைப் பார்த்தார். சரி என்றார்.

சம்மதம் வந்த அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தேன். மண்டப லெட்டர்பேடில் தேதி, புது இடம், திறக்கும் மணி, முடிக்கும் மணி, யார் எந்தச் செலவு என்று வரிவரியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வாட்ஸப்பிலும் அனுப்பினேன். அவர்கள் கட்டிய 20,000 முன்பணத்தை அன்றே வங்கி வழியாகத் திருப்பி அனுப்பினேன். புது மண்டபத்தில் அவர்கள் பேரிலேயே ரசீது போட வைத்தேன். இது முக்கியம். எங்கள் பேரில் ரசீது இருந்தால் நடுவில் எங்களுக்கு ஏதாவது ஆனாலும் அவர்கள்தான் தொங்குவார்கள். அதற்குப் பிறகுதான் முகூர்த்த வீட்டுக்குப் போன் செய்து, மண்டபம் உறுதி, ஞாயிறு மூன்று மணியிலிருந்து திங்கள் மூன்று மணி வரை என்று நேரத்தோடு சொன்னேன். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

பத்திரிகையில் ஒட்டுக் காகிதம் ஒட்டிக் கொடுக்கலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். மங்கல காரியத்துக்கு ஒட்டுப்போட்ட பத்திரிகை வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அறுநூறையும் புதிதாக அடித்தோம். ஆனால் நூறு போல ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் தயார் செய்தோம். நான் முதலில் "மண்டபம் மாற்றம்" என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தேன். மாப்பிள்ளையின் தங்கை பார்த்துவிட்டு, கல்யாணமே நின்றுபோச்சு என்று நினைப்பார்கள் அக்கா என்றாள். சரியான பேச்சு. முதல் வரியில் அதே தேதி, அதே நேரம், இரண்டாவது வரியில் புது இடம் என்று மாற்றினோம். போன் பார்க்காத பெரியவர்களுக்கு அவர்கள் வீட்டிலிருந்தே ஒவ்வொருவராகப் பேசினார்கள். அந்த வேலையை நாங்கள் செய்யக் கூடாது, சொந்தக்காரர் குரலில் கேட்டால்தான் நம்புவார்கள்.

யாரும் முன்னாலே சொல்லாத ஒரு சிக்கல் மொய். பழைய இடத்திலும் அன்று சாயங்காலம் விளக்கு எரியும், நாதஸ்வரம் வாசிக்கும், வாசலில் பன்னீர் தெளிப்பார்கள். தகவல் போய்ச் சேராதவர் உள்ளே போய், கவரை மொய் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அதனால் வாசலில் இரண்டு பெரிய போர்டு வைத்தோம், இன்னார் திருமணம் இங்கே, இன்னார் வரவேற்பு அங்கே என்று மணமக்கள் பெயரோடு. முகூர்த்த வீட்டாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் வைத்தோம், அவர்கள் வாசலில் இன்னொருவர் பெயர் வைக்கிறோம் இல்லையா. போர்டு மட்டும் போதாது. ரிசப்ஷன் வீட்டுச் சித்தப்பா ஒருவரை எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சொந்தக்காரர் முகம் அவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் இரண்டு வேன். அவர் கைகாட்ட, வேன் கொண்டுபோய் விட்டது. அப்படியும் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பின்வாசல் வழியாக வந்து மொய் எழுதிவிட்டது. முகூர்த்த வீட்டுத் தாய்மாமன், அதே கோபக்காரர்தான், ராத்திரி நோட்டைப் பார்த்து இந்தப் பெயர் எங்கள் பக்கம் இல்லையே என்று கவரைத் தனியாக எடுத்து வைத்திருந்து என்னிடம் கொடுத்தார்.

செலவுக் கணக்கு: வாடகை வித்தியாசம் 10,000. பத்திரிகை ஒன்று 18 ரூபாய் வீதம் 10,800. வேன் இரண்டுக்கும் 7,000. போர்டு 1,800. ரிசப்ஷன் அலங்காரக்காரர் புது மேடைக்கு அளவெடுத்து பிரேம் மாற்றியதற்கு 4,000. சாய்வுப் பலகை 2,500. மொத்தம் 36,100 ரூபாய். ரிசப்ஷன் வாடகை 45,000 போனதையும் நஷ்டத்தில் சேர்க்க வேண்டும் என்று மாமனார் சொன்னார். நான் சேர்க்கவில்லை. ஒரே சாயங்காலத்தை இரண்டு தடவை விற்க முடியாது, அது எங்கள் பணமாக ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது பதிவு செய்கிற முறையை மாற்றிவிட்டேன். முகூர்த்தத் தேதியை வைத்து எதையும் எழுதுவதில்லை. சாவி கொடுக்கிற மணி, சாவி வாங்குகிற மணி இரண்டையும் போட்டு, அதன்பின் கழுவித் துடைக்க இரண்டு மணி நேரமும் சேர்த்துக் கட்டமாக எழுதுகிறேன். காலெண்டரில் "All day" போடுவதே இல்லை. ஞாயிறு 15:00 முதல் திங்கள் 17:00 வரை என்று போட்டால் பட்டை இரண்டு நாளிலும் விழும். ஆனால் நாம் சாதாரணமாக வைத்திருக்கிற கூகுள் காலெண்டர் ஒரே நேரத்தில் இரண்டு பதிவு போட்டால் தடுக்காது, பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் எழுதுவதற்கு முன்னால் மாதப் பார்வையில் பார்க்காமல் அந்த நாளையும் முந்தின நாளையும் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் வந்ததும் அடுத்தடுத்து வருகிற முகூர்த்த நாட்களைச் சிவப்பில் குறித்துவிடுகிறேன். மோதல் வருவதானால் அங்கேதான் வரும். மாமனார் போனில் பேசலாம், தேதி இருக்கிறதா என்று சொல்லலாம், ஆனால் எழுதுகிற பேனா ஒன்றுதான். நான் எழுதி, நேரம் போட்ட ரசீது அனுப்பிய பிறகுதான் பணம் வாங்குவது. "பார்த்துச் சொல்றோம்" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு பென்சிலால் எழுதி, மூன்று நாள் கழித்து நானே போன் செய்து கேட்டு அழித்துவிடுகிறேன்.

ரசீதின் பின்னால் இருந்த அந்த வரியின் கீழே இன்னொரு வரியும் சேர்த்து அச்சடித்திருக்கிறோம்: மண்டபத்தார் தவறால் பதிவு மோதினால், முன்பணத்துடன் மாற்று இடத்துக்கான கூடுதல் வாடகையும் பத்திரிகைச் செலவும் மண்டபத்தாருடையது. மாமனார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அச்சடிக்கக் கொடு என்றார்.